பேனாவைத் தூக்கிவிட்டுப் பக்கத்தைப் புரட்டு

போட்டது 41. திரும்ப எடுத்தால் 81. பத்துத் தடவை ஓட்டினால் ஏழெட்டுத் தடவை 41 சரியாகவே வருகிறது. மீதித் தடவைகளில் 81. வேறு எந்த எண்ணும் வருவதில்லை.

பாலிடெக்னிக்கில் படிக்கும் பையன் ஒருவன் ஒரு சனிக்கிழமை காலை பிரெட்போர்டு, கம்பிகள், வாடிய முகம் எல்லாவற்றையும் ஒரே அட்டைப்பெட்டியில் தூக்கிக்கொண்டு என் பட்டறைக்கு வந்தான். 6502 என்ற பழைய பிராசஸரை வைத்துச் சொந்தமாக ஒரு சின்னக் கணினி கட்டியிருந்தான். 1975இல் அமெரிக்காவில் மாஸ் டெக்னாலஜி நிறுவனம் 25 டாலருக்கு விற்று, ஆப்பிளின் முதல் கணினிகளுக்குள் போய் உட்கார்ந்த அதே சிப்தான். அதன் இன்றைய சிமாஸ் வடிவத்தை வெஸ்டர்ன் டிசைன் சென்டர் இன்னும் தயாரிக்கிறது. அதற்குத் துணையாக 62256 என்ற ஸ்டேடிக் ராம். 28 கால்கள், 32,768 பைட்டுகள். கிளாக் 1 மெகாஹெர்ட்ஸ்.

"மெமரி டெஸ்ட் பாஸ் ஆகுது சார். எல்லா இடத்திலும் எழுதி, உடனே படிச்சுப் பார்த்துட்டேன். ஆனா புரோகிராம் ஓட்டினா கெட்டுப்போகுது."

"கிளாக்கைக் குறைச்சுப் பாத்தியா தம்பி?"

"நூறு கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் குறைச்சேன் சார். அப்பவும் இப்படித்தான்."

"வேற ராம் போட்டுப் பாத்தியா?"

பழைய 486 கணினியின் மதர்போர்டு ஒன்றைக் குப்பையிலிருந்து எடுத்து, அதிலிருந்த கேஷ் மெமரி சிப்பைப் பிடுங்கி மாட்டியிருக்கிறான். அந்தக் கால மதர்போர்டுகளில் இதே 32,768 பைட் அளவில், ஆனால் நாலைந்து மடங்கு வேகத்தில், ஸ்டேடிக் ராம்கள் இருக்கும். நல்ல யோசனைதான். "அதைப் போட்ட பிறகு எல்லாத் தடவையும் 81தான் சார்" என்றான்.

வேகத்தைக் குறைத்தால் குணமாகவில்லை. வேகமான சிப்பைப் போட்டால் நோய் முற்றுகிறது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கோளாறு எங்கே என்று பெட்டியைத் திறக்காமலே ஓரளவு சொல்லிவிடலாம். ஏன் என்று புரிய, ஸ்டேடிக் ராமுக்குள் ஒரு எழுத்து எப்படி விழுகிறது என்று பார்க்க வேண்டும்.

ஸ்டேடிக் ராமில் ஒரு பிட்டைக் காப்பது ஆறு டிரான்சிஸ்டர்கள். அவற்றில் நான்கு சேர்ந்து இரண்டு இன்வெர்ட்டர்களாகி, ஒன்றின் வால் மற்றதன் வாயில் என்று முதுகோடு முதுகு சாய்ந்து நிற்கின்றன. ஒன்று மேலே இருந்தால் மற்றது கீழே. மின்சாரம் இருக்கும்வரை அந்த நிலை தானாக மாறாது. இன்னொரு வகையான டைனமிக் ராமைப் போல நொடிக்குப் பலமுறை புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. மிச்சமுள்ள இரண்டு டிரான்சிஸ்டர்கள் கதவுகள். முகவரிக் கம்பிகளில் வரும் எண்ணை உள்ளிருக்கும் டிகோடர் படித்து, இலட்சக்கணக்கான அறைகளுக்கு நடுவே உரிய வரிசையின் கதவுகளைத் திறக்கும்.

கதவு திறந்த பின் நடப்பது இரண்டில் ஒன்று. படிப்பதென்றால், அந்த அறை தன் பக்கத்துக் கம்பியை இலேசாக இழுக்கும். அந்த மெல்லிய வித்தியாசத்தை ஒரு பெருக்கி மோப்பம் பிடித்துப் பெரிதாக்கி வெளியே தள்ளும். எழுதுவதென்றால், கம்பியின் மறுமுனையிலிருக்கும் தடித்த டிரைவர் அந்தச் சின்ன அறையை மல்லுக்கட்டிக் கவிழ்த்துவிடும். இரண்டில் எது என்று சொல்வது ரைட் எனேபிள் என்ற ஒரே கால். அது கீழே இருந்தால் எழுது, மேலே இருந்தால் படி.

இங்கே கவனிக்க வேண்டியது, 62256க்குக் கிளாக் என்ற கால் கிடையாது. எப்போது தொடங்கலாம், எப்போது முடிந்தது என்று அதற்கு எவரும் மணியடிப்பதில்லை. ரைட் எனேபிள் கீழே இருக்கும் ஒவ்வொரு கணமும், அப்போது முகவரிக் கம்பிகளில் எந்த எண் தெரிகிறதோ அந்த அறையில் அது எழுதிக்கொண்டே இருக்கும். பதிவேட்டில் பேனாவை ஊன்றியபடியே பக்கத்தைப் புரட்டினால் என்ன ஆகும்? பழைய பக்கத்தில் ஒரு இழுப்பு, புதிய பக்கத்தில் ஒரு இழுப்பு, நடுவில் புரண்ட பக்கங்களின் ஓரத்தில் எல்லாம் ஒரு கீறல். பேனாவைத் தூக்கு, பக்கத்தைப் புரட்டு, பக்கம் படிந்த பிறகு பேனாவை வை. முகவரி செட்அப் நேரம் என்று டேட்டாஷீட் சொல்வது, பக்கம் படிந்ததற்கும் பேனா தாளைத் தொடுவதற்கும் நடுவில் இருக்க வேண்டிய இடைவெளியைத்தான்.

பையன் டேட்டாஷீட்டை எடுத்துக் காட்டினான். "அட்ரஸ் செட்அப் டைம் 0ன்னுதானே சார் போட்டிருக்கு? அப்போ அதைப் பத்திக் கவலையே வேண்டாம்னுதானே அர்த்தம்?"

இந்த 0 எத்தனை பேரைக் கவிழ்த்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். என்னையும் ஒருமுறை கவிழ்த்திருக்கிறது. அது குறைந்தபட்ச அளவு. முகவரி நிலைபெற்ற அதே கணத்தில் ரைட் எனேபிள் இறங்கலாம் என்றுதான் அதற்குப் பொருள். ஒரு நானோ நொடி முந்தி இறங்கினாலும் உத்தரவாதம் போயிற்று. (ஒரு நொடியை நூறு கோடியாகப் பங்கிட்டால் ஒரு பங்கு ஒரு நானோ நொடி. அந்த நேரத்தில் ஒளியே 30 செ.மீ. தான் போகும்.) அதாவது, இது ஒன்றும் செய்யத் தேவையில்லாத நிபந்தனை அல்ல. வரிசை பிசகக் கூடாது என்கிற, கொஞ்சமும் விட்டுக்கொடுக்காத நிபந்தனை.

இப்போது அவனுடைய போர்டுக்கு வருவோம். 6502இல் படிப்பதா எழுதுவதா என்று சொல்லும் கம்பி ஒன்று உண்டு. மேலே இருந்தால் படிப்பு, கீழே இருந்தால் எழுத்து. ராமின் ரைட் எனேபிளுக்கும் அதே பழக்கம். இரண்டையும் நேரே ஒரு கம்பியால் இணைத்துவிட்டான். பார்ப்பதற்கு அவ்வளவு இயல்பாக இருக்கும். யாருக்கும் சந்தேகமே வராது.

6502இன் ஒரு சுற்று, கிளாக் கீழே இறங்கும் கணத்தில் தொடங்குகிறது. 1 மெகாஹெர்ட்ஸில் ஒரு சுற்று 1000 நானோ நொடி. முதல் 500இல் கிளாக் கீழே, அடுத்த 500இல் மேலே. சுற்று தொடங்கியதும் பிராசஸர் புதிய முகவரியைக் கம்பிகளில் வைக்கிறது. இன்றைய சிமாஸ் வடிவத்தில், 5 வோல்ட்டில், அதிகபட்சம் 30 நானோ நொடிக்குள் முகவரி நிலைபெறும் என்பது தயாரிப்பாளரின் வாக்கு. படிப்பு-எழுத்துக் கம்பியும் அதே 30 நானோ நொடிக்குள்தான் மாறுகிறது. எது முந்தும் எது பிந்தும் என்று எவரும் வாக்குக் கொடுக்கவில்லை. பக்கம் புரள்வதும் பேனா இறங்குவதும் ஒரே நேரத்தில்.

இன்னும் மோசமான ஒன்று உண்டு. அதுதான் அவனுடைய 81.

சப்ரூட்டீன் ஒன்றை அழைக்கும்போது 6502, வேலை முடிந்ததும் எங்கே திரும்ப வேண்டும் என்ற முகவரியை ஸ்டேக் என்ற பகுதியில் எழுதி வைக்கும். அது இரண்டு பைட். முதலில் மேல் பைட், அடுத்த சுற்றிலேயே கீழ் பைட். அடுத்தடுத்து இரண்டு எழுத்துகள் என்பதால் படிப்பு-எழுத்துக் கம்பி நடுவில் மேலே எழுவதே இல்லை. இரண்டு சுற்றும் முழுக்கக் கீழேயே கிடக்கிறது. பேனா ஊன்றியபடி இருக்க, கீழே பக்கம் மாறுகிறது.

அவனுடைய புரோகிராம் இவ்வளவுதான்:

```
LDA #$41
PHA
JSR SUB
PLA
```

41 என்ற எண்ணை எடுத்து ஸ்டேக்கில் வைக்கிறது. சப்ரூட்டீன் ஒன்றைக் கூப்பிடுகிறது. திரும்பி வந்ததும் வைத்ததை எடுக்கிறது. ஸ்டேக் மேலிருந்து கீழாக வளரும். ஆகவே 41 போய் உட்கார்ந்த இடம் `01FF`. திரும்பும் முகவரியின் மேல் பைட் `01FE`இல், கீழ் பைட் `01FD`இல். இந்தக் கடைசி இரண்டின் கடைசி நான்கு பிட்டுகளை மட்டும் எழுதிப் பார்த்தால்:

```
01FE : 1110
01FD : 1101
```

ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக இரண்டு கம்பிகள் மாற வேண்டும். கடைசிக் கம்பி மேலே எழ வேண்டும். அதற்கு முந்தைய கம்பி கீழே இறங்க வேண்டும். இரண்டு கம்பிகள் அச்சுப் பிசகாமல் ஒரே கணத்தில் மாறுவது காகிதத்தில் மட்டுமே நடக்கும். பிரெட்போர்டில் ஒரு கம்பி நீளம், ஒன்று குட்டை. ஒன்றின் மேல் மூன்று சிப்புகள் தொங்குகின்றன, மற்றொன்றின் மேல் இரண்டு. எழும் வேகமும் இறங்கும் வேகமும்கூட ஒன்றல்ல. எழ வேண்டிய கம்பி முந்திக்கொண்டால், இறங்க வேண்டியது இறங்கும்வரை, சில நானோ நொடிகளுக்குக் கம்பிகளில் தெரிவது 1111. அதாவது `01FF`. நம்முடைய 41 இருக்கும் அறை.

அந்தச் சில நானோ நொடிகளிலும் ரைட் எனேபிள் கீழேதான் இருக்கிறது. தரவுக் கம்பிகளில் என்ன இருக்கிறது? சற்று முன் எழுதிய மேல் பைட். பிராசஸர் அதை விட்டுவிட்டாலும் கம்பியின் மின்தேக்கம் கொஞ்ச நேரம் அதைப் பிடித்து வைத்திருக்கும். அவனுடைய புரோகிராம் ரோமில் `8100` தொடங்கி இருந்தது. திரும்பும் முகவரியின் மேல் பைட் 81. கதவு திறந்தது, பேனா ஊன்றியிருந்தது, 41 இருந்த இடத்தில் 81 விழுந்தது. வேறு எந்த எண்ணும் வராததன் காரணம் இதுதான்.

இறங்க வேண்டிய கம்பி முந்தியிருந்தால்? நடுவில் தெரிவது 1100, அதாவது `01FC`. அங்கே இன்னும் எதுவும் வைக்கவில்லை. எழுத்து விழுந்தாலும் எவருக்கும் தெரியாது. சப்ரூட்டீனுக்கு முன் 41ஐ வைக்கும் அந்த ஒரு வரியை எடுத்துவிட்டாலும் கோளாறு மறைந்துவிடும். அப்போது அடுத்தடுத்த எழுத்துகள் `01FF`, `01FE` என்று வரும். கடைசி ஒரு பிட் மட்டும்தான் மாறுகிறது, நடுவில் வேறு முகவரியே கிடையாது. ஒரு வரி சேர்த்தால் கெடும், எடுத்தால் சரியாகும். இதைப் பார்க்கிறவன் புரோகிராமைத்தான் சந்தேகப்படுவான். பையனும் இரண்டு வாரம் அதைத்தான் செய்திருக்கிறான்.

நூறு கிலோஹெர்ட்ஸில் ஏன் குணமாகவில்லை என்பதும் இப்போது தெளிவு. கிளாக்கைக் குறைத்தால் சுற்று நீளும். முகவரி மாறும் அந்தச் சில நானோ நொடிக் குழப்பம் நீளவும் இல்லை, குறையவும் இல்லை. கம்பியின் நீளமும் சிப்பின் சுறுசுறுப்பும் அதை முடிவு செய்கின்றன. நிமிடத்துக்கு ஒரு சுற்று என்று ஓட்டினாலும் அது அங்கே இருக்கும்.

வேகமான சிப் ஏன் மோசமாக்கியது? இங்குதான் ரைட் பல்ஸ் அகலம் என்ற இரண்டாவது அளவு வருகிறது. 70 நானோ நொடி வகை 62256க்கு ரைட் எனேபிள் குறைந்தது சுமார் 50 நானோ நொடி கீழே இருக்க வேண்டும் என்று டேட்டாஷீட்கள் சொல்கின்றன (தயாரிப்பாளருக்குத் தகுந்தபடி கொஞ்சம் மாறும்). டிகோடர் வரிசையைத் திறந்து, டிரைவர் கம்பி முழுவதையும் இழுத்து, அறை கவிழ்ந்து மறுபக்கம் நிலைகொள்ளும்வரை பிடிக்கும் நேரம் அது. ஆனால் இதுவும் ஒருபக்க வாக்குறுதிதான். 50 கொடுத்தால் கட்டாயம் எழுதுவேன் என்கிறது. அதற்குக் குறைவாகக் கொடுத்தால் எழுத மாட்டேன் என்று அது சொல்லவே இல்லை. சாதாரண வெப்பத்தில், முழு 5 வோல்ட்டில், உண்மையான சிப் அதில் பாதிக்கும் குறைவான நேரத்தில்கூட எழுதிவிடக்கூடும். மந்தமான சிப், முகவரி புரளும்போது வரும் அந்தக் குட்டிக் குழப்பத்தைப் பெரும்பாலும் கவனிக்காமல் தூங்கிவிடும். பத்தில் இரண்டு மூன்று தடவைதான் விழித்துக்கொள்ளும். குப்பையிலிருந்து வந்த கேஷ் சிப்புக்கு அந்த அலட்சியம் கிடையாது. அது ஒவ்வொரு குழப்பத்தையும் சிரத்தையாக எழுதி வைத்தது.

அவனுடைய மெமரி டெஸ்ட் ஏன் பாஸ் ஆனது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஓர் இடத்தில் எழுதி, அதே இடத்தை உடனே படித்து, சரி என்று அடுத்த இடத்துக்கு நகர்ந்தது அந்த டெஸ்ட். எழுதிய இடத்தில் எப்போதும் சரியாகவே விழுகிறது. கெடுவது எழுதாத இடம். அதைப் பிடிக்க வேண்டுமென்றால் முதலில் ராம் முழுவதையும் ஒவ்வொரு இடத்துக்கும் வேறு வேறான எண்களால் நிரப்பிவிட்டு, பிறகு அடுத்தடுத்த இரண்டு எழுத்துகள் வரும்படியான சப்ரூட்டீன் அழைப்புகளைப் பலமுறை செய்து, கடைசியில் மொத்தத்தையும் படிக்க வேண்டும். இப்படி எழுதிப் பார்த்ததும் `01FF` மட்டுமல்லாமல் இன்னும் சில இடங்களிலும் கீறல் விழுந்திருப்பது தெரிந்தது.

ஆஸிலாஸ்கோப்பின் ஒரு முனையை ரைட் எனேபிளிலும் மற்றதைக் கடைசி முகவரிக் கம்பியிலும் வைத்தோம். முகவரிக் கம்பி எழுகிறது. ரைட் எனேபிள் தரையோடு தரையாகக் கோடு போட்டதுபோல் கிடக்கிறது. அதைப் பார்த்ததும் பையன் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

6502ஐ வடிவமைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. அதன் குடும்பத்தைச் சேர்ந்த 6522 போன்ற துணைச் சிப்புகளுக்குக் கிளாக் கால் உண்டு. கிளாக் மேலே இருக்கும் இரண்டாம் பாதிதான் பேச்சுவார்த்தைக்கு உரிய நேரம் என்று அவை அறியும். அவனுடைய போர்டிலும் 6522 ஒழுங்காகவே வேலை செய்தது. கிளாக் இல்லாத ராமுக்கு அந்தச் செய்தியை நாம்தான் வெளியிலிருந்து சொல்லியாக வேண்டும்.

சொல்லும் வழி எளிது. கிளாக் மேலே இருக்க வேண்டும், பிராசஸரும் எழுதச் சொல்ல வேண்டும். இரண்டும் சேர்ந்தால் மட்டும் ரைட் எனேபிள் இறங்கட்டும். நான்கு நாண்டு கேட்கள் உள்ள ஒரு சிப்பில் இரண்டு போதும். ஒன்று படிப்பு-எழுத்துக் கம்பியைத் தலைகீழாக்குகிறது. மற்றொன்று அதைக் கிளாக்கோடு சேர்க்கிறது.

```
WE = NAND(PHI2, NOT RW)
```

இதற்குப் பிறகு ஒரு எழுத்துச் சுற்று எப்படி நகர்கிறது என்று பாருங்கள். 0ஆவது நானோ நொடியில் கிளாக் இறங்குகிறது. 30க்குள் முகவரி படிந்துவிடுகிறது. 500இல் கிளாக் எழுகிறது; கேட்டின் தாமதம் போக 510 வாக்கில் ரைட் எனேபிள் இறங்குகிறது. 0 போதும் என்ற இடத்தில் 480 நானோ நொடி செட்அப் கிடைத்திருக்கிறது. 1000இல் கிளாக் இறங்குகிறது. 1010 வாக்கில் ரைட் எனேபிள் எழுகிறது. 50 தேவைப்பட்ட இடத்தில் 500. அடுத்தடுத்து இரண்டு எழுத்து வந்தாலும் நடுவில் பேனா கட்டாயம் தூக்கப்படுகிறது.

தரவு எங்கே என்று கேட்பீர்கள். எழுத வேண்டிய பைட்டை 6502 கிளாக் எழுந்த பிறகுதான் கம்பியில் வைக்கிறது. 25 நானோ நொடிவரை எடுத்துக்கொள்ளலாம். அப்படியென்றால் ரைட் எனேபிள் இறங்கும் 510இல் தரவு இன்னும் தயாராகவில்லை. ராம் அந்த நேரத்தில் கம்பியில் கிடக்கும் எந்தக் குப்பையையோ அறையில் எழுதிக்கொண்டிருக்கிறது. இது தவறில்லையா?

தவறில்லை. எழுதும் அறை சரியான அறை. உள்ளே குப்பை விழுந்தாலும், 525இல் சரியான தரவு வந்ததும் அது அழிந்து இது நிற்கும். ரைட் எனேபிள் எழும் கணத்தில் என்ன இருந்ததோ அதுதான் நிலைக்கும். அதனால்தான் தரவுக்கான செட்அப் நேரத்தைப் பல்ஸின் முடிவிலிருந்து பின்னோக்கி அளக்கிறார்கள். 70 வகைச் சிப்புக்கு அது சுமார் 30 நானோ நொடி. முகவரியை மட்டும் பல்ஸின் தொடக்கத்திலிருந்து அளக்கிறார்கள். எழுத்து தப்பானால் அடித்துத் திருத்தி எழுதலாம். பக்கம் தப்பானால் அடுத்தவன் கணக்கு போயிற்று. டேட்டாஷீட்டில் இருக்கும் அம்புக்குறிகள் ஏன் ஒன்று இந்தப் பக்கமும் மற்றொன்று அந்தப் பக்கமும் பார்க்கின்றன என்று மண்டையை உடைத்துக்கொள்ளும் மாணவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

கேட் போட்டதோடு வேலை முடிந்ததென்று பையன் நினைத்தான். முடியவில்லை. பல்ஸின் வால் பக்கத்தையும் பார்க்க வேண்டும். கிளாக் இறங்கிய பிறகு 6502 பழைய முகவரியையும் தரவையும் குறைந்தது 10 நானோ நொடி பிடித்து வைத்திருக்கும். அந்த 10க்குள் ரைட் எனேபிள் மேலே போய்விட வேண்டும். ராம் கேட்பதும் அதுதான். அவன் வாங்கி வந்திருந்தது எச்.சி. வகை நாண்டு. 5 வோல்ட்டில் அதன் வழக்கமான தாமதம் 7 முதல் 10 நானோ நொடி. மோசமான நிலையில் அதைவிட இருமடங்குக்கும் போகலாம். மேசையில் வேலை செய்யும், டேட்டாஷீட் கணக்கில் தேறாது. ஏ.சி. வகையில் அதே கேட் சுமார் 5 நானோ நொடியில் முடித்துவிடும். கால் அமைப்பு ஒன்றே என்பதால் கழற்றி மாட்டினாலே போதும். இந்த வால் பக்கத்துக் குறையும் கிளாக்கைக் குறைத்தால் போகாத வகையைச் சேர்ந்ததுதான்.

கிளாக்கைக் குறைத்தால் குணமாகும் நோய்களும் உண்டு. அவை பெரும்பாலும் அகலக் குறைவு. பல்ஸ் குட்டையாகிவிட்டது, அல்லது படித்த தரவு வருவதற்குள் பிராசஸர் எடுக்க வந்துவிட்டது. 41 ஒழுங்காக வரத் தொடங்கியதும் பையனுக்கு ஆசை வந்தது. "எவ்வளவு மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் போகலாம் சார்?"

இதற்குப் படிக்கும் சுற்றைக் கணக்குப் போட வேண்டும். படிப்பதில் பேனா இல்லை, ஆகவே முகவரி புரளும்போது எதுவும் கெட்டுப்போவதில்லை. ஆனால் வெளியே தெரியும் தரவுக்கு ஒரு சன்னல் உண்டு. முகவரி படிந்து 70 நானோ நொடி ஆகும்வரை ராமின் தரவுக் கால்களில் எதை வேண்டுமானாலும் பார்க்கலாம்: பழைய பைட், பாதி மாறிய பைட், எதிலும் சேராத பைட். 70க்குப் பிறகு சன்னல் திறக்கும். அடுத்த முகவரி மாறிய பின்னும் ஐந்து நானோ நொடியாவது பழைய தரவு நிற்கும், அதன்பின் சன்னல் மூடும். பிராசஸர் தரவைப் பிடிப்பது கிளாக் இறங்கும் கணத்தில். அதற்கு 10 நானோ நொடி முன்னிருந்து 10 நானோ நொடி பின்வரை தரவு அசையாமல் இருக்க வேண்டும் என்று அது கேட்கிறது.

பின்பக்கம் கவலையில்லை. முகவரியே 10 நானோ நொடி நிற்கிறது, அதன்மேல் ராமின் ஐந்தும் சேர்கிறது. முன்பக்கம்தான் இறுக்கம். முகவரி படிய 30, ராம் பதில் சொல்ல 70, ஆக 100ஆவது நானோ நொடியில் சன்னல் திறக்கிறது. 1 மெகாஹெர்ட்ஸில் தரவு வேண்டியது 990இல்; தூங்கி எழுந்து வரலாம். 8 மெகாஹெர்ட்ஸில் ஒரு சுற்று 125. தரவு வேண்டியது 115இல். கையில் மிச்சம் 15. 10 மெகாஹெர்ட்ஸில் ஒரு சுற்றே 100. தரவு வேண்டியது 90இல், சன்னல் திறப்பது 100இல். பத்து நானோ நொடி கடன்.

எழுத்துப் பக்கமும் 8இல் தேறுகிறது. அரைச் சுற்று 62.5 நானோ நொடி. பல்ஸுக்கு 50 போதும். தரவு வர 25 போக 37 மிச்சம், 30 போதும்.

ரைட் எனேபிளைக் கிளாக்கோடு சேர்க்காமல் சிப் செலக்ட்டைச் சேர்க்கும் வழியும் பல போர்டுகளில் உண்டு. எழுதும்போது அதுவும் சரியாகவே காப்பாற்றும். ஆனால் படிக்கும்போதும் ராம் கிளாக் எழுந்த பிறகுதான் கண்விழிக்கும். அதன் 70 நானோ நொடி முழுவதும் அரைச் சுற்றுக்குள் அடங்க வேண்டும். கேட் தாமதத்துக்கு 10, பிராசஸர் கேட்கும் 10 என்று சேர்த்தால் அரைச் சுற்றே 90 ஆகிவிடும். அதாவது ஐந்தரை மெகாஹெர்ட்ஸுக்குமேல் வாக்குறுதி இல்லை. மெதுவாக ஓடும் கணினிக்கு அது ஒரு குறையே அல்ல.

ரோம் சிப் 150 நானோ நொடி வகை என்பதால் அது 8க்கு வராது. புரோகிராமை முதலில் ராமுக்கு நகலெடுத்து, கிளாக்கை ஒரு கணம் நிறுத்தி, 8 மெகாஹெர்ட்ஸ் ஆஸிலேட்டருக்கு மாற்றி ஓட்டினான். சிமாஸ் 6502ஐ நிறுத்தினாலும் உள்ளே இருப்பதை மறக்காது என்பது இதற்கு வசதி. ஓடியது. மறுநாள் 10 மெகாஹெர்ட்ஸ் போட்டான். அதுவும் ஓடியது. இரவு முழுக்க ஓடவிட்டு, காலையில் ஒரு பைட்கூடக் கெடவில்லை என்று சொல்ல ஓடி வந்தான்.

"அப்போ ரிப்போர்ட்டில் 10ன்னு எழுதிடலாமா சார்?"

70 நானோ நொடி என்பது 70 டிகிரி வெப்பத்தில், 4.5 வோல்ட்டுக்கு இறங்கிய மின்சாரத்தில், அந்த வகையிலேயே ஆக மந்தமான சிப்பும் காப்பாற்ற வேண்டிய வாக்கு. இவன் மேசையில் ஃபேன் காற்றில் குளுகுளுவென்று உட்கார்ந்திருக்கும் இந்த ஒரு சிப் 50இலேயே பதில் சொல்லிவிடக்கூடும். நாளை கடையில் வாங்கும் அடுத்த சிப் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. 8 என்று எழுது என்றேன்.

கொஞ்சம் மனக்குறையோடு 8 என்று எழுதினான். போன வாரம் அவன் வீட்டுப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். போர்டில் செருகியிருந்தது 10.